கல்லாவில் இருக்கும் பணமும் கணக்கில் இருக்கும் லாபமும்
(சிறுதொழில் செய்யும் குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில், வட்டியில்லாக் கடன் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





நம் அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் மனுக்களைப் படித்துப் பார்க்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நஷ்டத்தில் தொழில் நடத்துகிறவர்கள்தான் கடன் கேட்டு வருவார்கள் என்று முதலில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வருகிறவர்களில் பலர் நல்ல வியாபாரம் உள்ளவர்கள். ஆர்டர் இருக்கிறது, சரக்கு போகிறது, ஒவ்வொரு பீசிலும் லாபம் நிற்கிறது. ஆனாலும் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் காசில்லை. இது ஏன் என்பதைத்தான் இன்று ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்லப்போகிறேன்.

வீட்டின் முன்பக்கத்தில் நான்கு மெஷின் போட்டு புர்கா தைத்து, ஜவுளிக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சகோதரியின் கணக்கு அது. பெயர் வேண்டாம். தொகைகளையும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதித்துத்தான் சொல்கிறேன்.

அவர் எங்களிடம் வந்தது பிப்ரவரி மூன்றாவது வாரத்தில். நோன்பு தொடங்கும் நேரம். ஐம்பதாயிரம் வேண்டும், அதுவும் இரண்டு நாளில் வேண்டும் என்றார். நம் குழு மாதம் ஒரு முறைதான் கூடுகிறது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அன்று எங்களால் கொடுக்க முடியவில்லை. ஜனவரியிலேயே ஒரு சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் தண்டலில் வாங்கினார். ஐம்பதாயிரம் என்று எழுதிக்கொண்டு 42,500 கையில் கொடுத்தார்கள்; தினம் 500 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நோன்பு வைத்துக்கொண்டு வட்டி கட்டினேன் என்று அவர் பிறகு சொன்னபோது எங்கள் குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை. காசாகப் பார்த்தால் போனது 7,500 ரூபாய். ஒரு புர்காவில் அவருக்கு நிற்பது 180 ரூபாய். நாற்பதுக்கும் மேற்பட்ட புர்கா தைத்த லாபம் அப்படியே போய்விட்டது.

பெருநாள் முடிந்து ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவரும் அவர் மகனும் நோட்டுகளோடு வந்தார்கள். தண்டல் பணத்தையும் அடகுப் பணத்தையும் எடுத்துவிட்டு, அவை இல்லாமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தோம்.

முதலில் அவர் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புர்காவைக் கடைக்கு 600 ரூபாய்க்குக் கொடுக்கிறார். நிதா துணி, லேஸ், ஜிப் எல்லாம் சேர்ந்து 320. தையல் கூலி 100. மீதி 180. சாதாரண மாதத்தில் 150 பீஸ் போகும். நோன்புக்கு முந்திய இரண்டு மாதம் 300, 300 என்று இரட்டிப்பாகும். பெருநாள் நெருங்க நெருங்கக் கடைகள் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்திவிடும். துணிக்கு அவர் ரொக்கம் கொடுக்கிறார். கடைகளோ அவருக்கு ரொக்கம் கொடுப்பதில்லை. இந்த மாதம் எடுத்த சரக்குக்கு அடுத்த மாதம் பாதி, அதற்கடுத்த மாதம் பாதி. இதுதான் ஊர் வழக்கம், நீங்களும் அறிவீர்கள்.

இனி அட்டவணை. கரும்பலகையில் எழுதியதை இங்கேயும் தருகிறேன்.

| | ஜனவரி | பிப்ரவரி | மார்ச் | ஏப்ரல் |
|---|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 40,000 | -21,000 | -42,000 | 68,000 |
| கடைகளிடமிருந்து வந்த பணம் | 90,000 | 1,35,000 | 1,80,000 | 1,05,000 |
| துணி, லேஸ், ஜிப் | 96,000 | 96,000 | 16,000 | 32,000 |
| தையல் கூலி, பெருநாள் பணம் | 30,000 | 30,000 | 14,000 | 10,000 |
| வாடகை, கரண்ட், வண்டி | 10,000 | 10,000 | 10,000 | 10,000 |
| வீட்டுக்கு எடுத்தது | 15,000 | 20,000 | 30,000 | 15,000 |
| மொத்தம் வெளியே போனது | 1,51,000 | 1,56,000 | 70,000 | 67,000 |
| இறுதி இருப்பு | -21,000 | -42,000 | 68,000 | 1,06,000 |

மேலிருந்து கீழே படியுங்கள். மாதம் பிறக்கும்போது கல்லாவிலும் பேங்கிலும் சேர்ந்து எவ்வளவு இருந்ததோ அது தொடக்க இருப்பு. அதோடு அந்த மாதம் கைக்கு வந்த பணத்தைக் கூட்டி, கையைவிட்டுப் போன பணத்தைக் கழித்தால் இறுதி இருப்பு. ஜனவரியின் இறுதி இருப்பு எதுவோ அதுவே பிப்ரவரியின் தொடக்க இருப்பு. சங்கிலிக் கண்ணி மாதிரி ஒன்றில் ஒன்று கோத்துக்கொண்டே போகும். ஒரு மாதத்தில் பிழை விட்டால் அடுத்த எல்லா மாதத்திலும் அந்தப் பிழை நிற்கும்.

வரவு வரிசையில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். அந்தச் சகோதரியின் மகன் முதலில் ஜனவரி வரவு 1,80,000 என்று எழுதினான். 300 பீஸ், 600 ரூபாய், பெருக்கல் சரிதான். ஆனால் அது கொடுத்த சரக்கின் விலை. கைக்கு வந்த பணம் அல்ல. ஜனவரியில் கைக்கு வந்தது நவம்பர் சரக்கில் பாதி 45,000, டிசம்பர் சரக்கில் பாதி 45,000, ஆக 90,000. இந்த அட்டவணையில் பில் போட்ட தேதிக்கு இடமில்லை, பணம் கைமாறிய தேதிக்குத்தான் இடம். அதனால் எந்தக் கடை எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொன்னது என்று தனியாக ஒரு பக்கம் எழுதி வைக்காமல் இந்த வரிசையை நிரப்பவே முடியாது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தை நாம் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நம் வியாபாரிகள் பலரிடம் அந்தத் தேதி மனதில்தான் இருக்கிறது, நோட்டில் இல்லை.

இப்போது கீழ் வரிசையைப் பாருங்கள். வியாபாரம் இரட்டிப்பான இரண்டு மாதத்திலும் பணம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. வியாபாரம் படுத்துவிட்ட மார்ச்சிலும் ஏப்ரலிலும் பணம் குவிகிறது. சீசனில் ஏன் பணமில்லை என்று அவர் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது; யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு சந்தேகம். யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கூடுதல் புர்காவுக்கும் அவர் 420 ரூபாயை முதலில் வெளியே வைக்கிறார், 600 ரூபாய் பிறகுதான் வருகிறது. ஆர்டர் கூடக் கூட வெளியே நிற்கும் பணமும் கூடும். இது அவர் தொழில் நன்றாக நடப்பதால் விழுந்த பள்ளம்.

முன்கூட்டியே டிசம்பரில் இதை எழுதியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? துணி வியாபாரியிடம் பேசியிருக்கலாம். அவரும் சூரத்திலிருந்து கடனுக்கு இறக்குகிறவர்தான். பல வருடப் பழக்கம். மாதம் 40,000 ரூபாய்க்கான துணியை ஒரு மாதத் தவணையில் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்கக்கூடியவர். இதுவரை இவர் கேட்டதே இல்லை, கூச்சம். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அட்டவணையில் போட்டுப் பார்த்தோம். ஜனவரியில் 40,000 குறைவாக வெளியே போகிறது. இறுதி இருப்பு 19,000 ஆகிறது. பிப்ரவரியில் பழைய நாற்பதாயிரத்தைக் கட்டுகிறார், புதிதாக நாற்பதாயிரத்தைத் தள்ளிவைக்கிறார். இறுதி இருப்பு வெறும் 2,000 ரூபாய்தான் குறைகிறது. மார்ச்சில் மீதியைக் கட்டிய பிறகும் அதே 68,000. தவணைக்கு வாங்கும்போது விலை கொஞ்சம் கூடலாம். விலை இன்னது, தவணை இன்னது என்று வாங்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். தவணை தப்பினால் இவ்வளவு ஏறும் என்று பிறகு கூட்டினால் அது வட்டியாகிவிடும். ஐயம் இருந்தால் நம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 2,000 ரூபாய் குறைவுக்கா அவர் கடன் வாங்கினார் என்று கேட்பீர்கள். இங்கேதான் மாத அட்டவணையின் குறை இருக்கிறது. அது மாதத்தின் கடைசி நாளை மட்டும் காட்டும். நடுவில் என்ன நடந்தது என்று காட்டாது. கூலி சனிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டும், கடைக்காரர்கள் பணம் தருவது மாதக் கடைசியில். ஆகவே இறுதி இருப்பு பூஜ்யத்தை ஒட்டி வரும் மாதம் எதுவோ, அந்த ஒரு மாதத்தை மட்டும் வாரம் வாரமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லா மாதத்தையும் பிரிக்க வேண்டியதில்லை, யாரும் செய்யமாட்டார்கள்.

பிப்ரவரியைப் பிரித்தோம். 19,000 ரூபாயோடு மாதம் தொடங்குகிறது. முதல் வாரம் துணி, லேஸில் பாதி 28,000, கூலி 7,500, வாடகை வகையறா 10,000, வீட்டுக்கு 5,000 போகிறது, வரவு ஒன்றுமில்லை. வாரக் கடைசியில் 31,500 குறைவு. இரண்டாம் வாரம் கடைகளிலிருந்து 45,000 வருகிறது. ஆனால் துணிக்காரரின் தவணை 40,000, கூலி, வீட்டுச் செலவு எல்லாம் போய்க் குறைவு 39,000 ஆகிறது. மூன்றாம் வாரம் 30,000 வந்து, மீதித் துணி வாங்கி, கூலி கொடுத்து, வீட்டுக்கும் எடுத்த பிறகு 49,500 குறைவு. நான்காம் வாரம் 60,000 வந்ததும் எல்லாம் சரியாகி 2,000 குறைவில் நிற்கிறது. அவர் எங்கள் வாசலில் வந்து நின்றது எந்த வாரம்? மூன்றாவது வாரம். கேட்டது எவ்வளவு? ஐம்பதாயிரம். கணக்கு எழுதாமலேயே அவர் சரியான தொகையைத்தான் கேட்டிருக்கிறார். நேரம்தான் தப்பிவிட்டது.

இதே அட்டவணை டிசம்பரில் கையில் இருந்தால் அவருடைய மனு ஜனவரிக் கூட்டத்துக்கு வந்திருக்கும். பிப்ரவரி முதல் வாரம் 55,000 தேவை, மார்ச் கடைசியில் 30,000, ஏப்ரலில் 25,000 திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருப்பார். எங்களுக்கும் அது எவ்வளவு எளிது! எப்போது திருப்புவீர்கள் என்று கேட்டால் "இன்ஷா அல்லாஹ் சீக்கிரம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இன்ஷா அல்லாஹ்வோடு ஒரு மாதத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பணத்தை அடுத்து காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு நாங்கள் வாக்குக் கொடுக்க முடியும். முழுத் தொகையையும் மார்ச்சிலேயே திருப்பலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பெருநாள் முடிந்து தருகிறேன் என்று ஏதாவது ஒரு கடை இழுத்தடிக்கும். அதற்கு இடம் விட வேண்டும். கடன் வாங்கியதும் அட்டவணையில் அதைத் தனி வரிசையில் எழுதுங்கள். கடைப் பணத்தோடு சேர்த்தால் அடுத்த ஆண்டு பார்க்கும்போது அதையும் வியாபாரம் என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள்.

இனி ஏப்ரலுக்கு வருகிறேன். 1,06,000 ரூபாய். ஜனவரியில் 40,000 இருந்தது, நான்கு மாதத்தில் 66,000 கூடியிருக்கிறது. இதைப் பார்த்து அந்தச் சகோதரிக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் வண்டி வாங்கலாமா என்று கேட்டான். நான் இன்னொரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு மாதத்தில் 750 பீஸ் கொடுத்திருக்கிறார். பீசுக்கு 180 வீதம் 1,35,000. அதில் வாடகை வகையறா 40,000, தையல்காரர்களுக்குப் பெருநாள் பணம் 9,000 போக லாபம் 86,000. வீட்டுக்கு எடுத்தது 80,000. ஆக உண்மையில் மிஞ்சியது 6,000 ரூபாய். மீதி 60,000 எங்கிருந்து வந்தது? ஜனவரி பிறந்தபோது கடைகளில் 1,35,000 பாக்கி நின்றது. ஏப்ரல் முடிவில் நிற்கும் பாக்கி 75,000. அந்த அறுபதாயிரம் பழைய பாக்கி வசூலானது. புதிய சம்பாத்தியம் அல்ல. மே மாதம் கடைகளிலிருந்து வரப்போவது 45,000 மட்டும். ஏப்ரல் அளவுக்கே தைத்தாலும் 67,000 வெளியே போகும். அப்போது இந்த இருப்புதான் ஈடுகட்ட வேண்டும். ஏப்ரலில் வண்டி வாங்கியிருந்தால் ஜூன், ஜூலையில் மறுபடியும் தண்டல்காரரைத் தேட வேண்டியிருக்கும். பெருநாளுக்குப் பின் நகை வாங்கி, பள்ளிக்கூடம் திறக்கும்போது அதையே அடகு வைக்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஜகாத்துக்கும் இந்த இறுதி இருப்பு மட்டும் போதாது. விற்பனைக்கு இருக்கும் துணியும் தைத்த சரக்கும், வந்துசேரும் என்ற நம்பிக்கையுள்ள பாக்கியும் அந்தக் கணக்கில் வரும். அது வேறு கணக்கு, உங்கள் ஜகாத் தேதியில் போட வேண்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அட்டவணை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாதக் கடைசி இரவு கல்லாவை எண்ணுங்கள், பேங்க் இருப்பைப் பாருங்கள், இரண்டையும் கூட்டுங்கள். இறுதி இருப்போடு பொருந்த வேண்டும். இந்த வீட்டில் முதல் மாதம் 6,400 ரூபாய் பொருந்தவில்லை. தேடிப் பார்த்தால் எல்லாம் வீட்டுக்குப் போன பணம்தான். கல்லாவிலிருந்து எடுத்த கேஸ் சிலிண்டர் காசு, டியூஷன் பீஸ், ஒரு நிக்காஹ்வுக்கு வைத்த மொய். எடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை, அவர்கள் பணம்தான். எடுத்தால் எழுத வேண்டும். கல்லாவுக்குள் ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் போட்டு வைத்தார்கள். அடுத்த மாதம் வித்தியாசம் முந்நூறு ரூபாய்க்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் நான் துருவவில்லை.

நம் வியாபாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அட்டவணை ஆங்கில மாதத்தில் இருக்கிறது. சீசன் பிறைக் கணக்கில் வருகிறது. நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னால் வரும். மூன்று ஆண்டில் ஒரு மாதமே நகர்ந்துவிடும். போன ஆண்டு அட்டவணையை அப்படியே பார்த்து எழுதினால் பள்ளம் விழும் வாரம் தவறிவிடும். அதனால் ஆங்கில மாதத்துக்குக் கீழே ரஜப், ஷஃபான், ரமளான் என்று பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் கட்டணம் ஜூனில்தான் நிற்கும், மழை ஐப்பசி கார்த்திகையில்தான் நிற்கும். நோன்பு மட்டும் நகரும். சில ஆண்டுகளில் பெருநாள் செலவும் வேறொரு பெரிய செலவும் ஒரே மாதத்தில் வந்து விழுவது இதனால்தான்.

கூட்டம் தொடங்குமுன் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் என்னிடம் கேட்டார். "நமக்கு எல்லாமே ரொக்கம், கடனே கிடையாது, நமக்கெதற்கு இது?" உங்களுக்கு வரவு வரிசை சுலபம் பாய், தினமும் கல்லாவில் விழுவதை எழுதினால் போதும். உங்கள் பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. நோன்பு மாதத்தில் பகலில் கடை அடைப்பு, ஆனால் வாடகையும் மாஸ்டர் சம்பளமும் நிற்காது. பெருநாளுக்கு அவர் ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்ப வேண்டிய பணமும் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். அதற்கு முந்திய மூன்று மாதத்தில் தினம் எவ்வளவு ஒதுக்கினால் சரியாகும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கோடு போட்ட தாள்களை வாசலில் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு இடம் இருக்கிறது. தொடக்க இருப்பை மட்டும் இன்று இரவே எண்ணி எழுதிவிடுங்கள். மற்றதை நிரப்பத் தெரியாதவர்கள் அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு பாக்கி நோட்டோடு வாருங்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் இருப்போம். தொகையை எங்களிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் கடைசியில் இரண்டு பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதிக் கொண்டுவாருங்கள், கணக்கு அப்படியும் வரும்.

வஸ்ஸலாம்.